ஒரே கோப்பையில் இரண்டு கோப்பி

வீட்டு வளவில் நாலைந்து கோப்பிச் செடி வைத்திருந்தவர்கள், கொட்டையை விற்கப் போன இடத்தில் "இது றொபஸ்ரா, தரம் குறைவு" என்ற பேச்சைக் கேட்டிருப்பார்கள். ஆனால் இதே றொபஸ்ராவை இத்தாலி நாட்டில் கோப்பி வறுப்பவர்கள் பலர் வாங்கி, அராபிக்காவுடன் வேண்டுமென்றே கலக்கிறார்கள். விலை மலிவு என்பது ஒரு காரணம்தான். அது மட்டுமே காரணமல்ல.

இவை இரண்டும் வெவ்வேறு இனங்கள். அராபிக்கா எதியோப்பியாவின் மலைக்காடுகளில் தோன்றியது. குளிர்ந்த மேட்டுநிலமே அதற்கு உகந்தது. றொபஸ்ரா ஆபிரிக்காவின் வெப்பமான தாழ்நிலக் காடுகளுக்குரியது. 1869ஆம் ஆண்டு இலங்கைத் தோட்டங்களில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் இங்கிருந்த அராபிக்காவை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்டது. அந்நோயைத் தாங்கக் கூடியது என்பதாலேயே றொபஸ்ரா பிற்பாடு ஆசிய நாடுகளில் பரவியது. கொட்டையைப் பார்த்தே இரண்டையும் பிரித்தறியலாம். அராபிக்கா சற்று நீண்டு, நடுப்பிளவு வளைந்திருக்கும். றொபஸ்ரா உருண்டையாக, பிளவு நேராக இருக்கும்.

சுவை வேறுபடுவதற்குக் காரணம் கொட்டைக்குள் இருக்கிறது. அராபிக்காவில் சீனித்தன்மையும் எண்ணெயும் அதிகம். வறுக்கும்போது அந்தச் சீனியே வாசனையாகவும் பழத்தின் இளம்புளிப்பாகவும் மாறுகிறது. றொபஸ்ராவில் இவை குறைவு. கசப்பைத் தரும் பொருட்கள் கூடுதல். அதனால் அது வறுத்த தானியத்தைப் போன்ற மணத்துடன், நாக்கில் கனமாக நிற்கும். மண்வாடை அடித்தால் மட்டும் இனத்தைக் குறை சொல்லிவிட வேண்டாம். பழத்தை வெறும் நிலத்தில் குவித்துக் காயவிட்டால் அராபிக்காவிலும் அந்த வாடை ஏறும்.

தூக்கத்தை விரட்டும் பொருளான கபீன் அராபிக்காவில் ஏறக்குறைய நூற்றுக்கு 1.2 பங்கு. றொபஸ்ராவில் ஏறக்குறைய 2.2 பங்கு. பூச்சிகளிடமிருந்து செடிக்கு அது ஒரு காவல். 10 கிராம் அராபிக்காத் தூளில் 120 மில்லிகிராம் கபீன் இருக்குமென வைத்துக்கொள்வோம். ஏழு கிராம் அராபிக்காவுடன் மூன்று கிராம் றொபஸ்ரா சேர்த்தால் 84உம் 66உமாக 150 மில்லிகிராம் ஆகிறது. மூன்று பங்கு றொபஸ்ராவே மொத்தக் கபீனில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தந்துவிடுகிறது. இரவில் உறக்கம் வராமல் அவதிப்படுபவர்கள் இந்தக் கணக்கைக் கவனிப்பது நல்லது.

இனி நுரைக்கு வருவோம். இத்தாலியரின் எஸ்பிரெசோ எனும் கோப்பியில், ஏழு கிராம் அளவான நுண்ணிய தூளினூடாகச் சூடான நீரைப் பெரும் அமுக்கத்துடன் அரை நிமிடத்துக்குள் செலுத்துகிறார்கள். கிடைப்பது இரண்டு மேசைக்கரண்டி அளவுதான். அதன் மேல் படியும் பொன்னிற நுரைக்குக் கிறேமா என்று பெயர். வறுத்த கொட்டைக்குள் காபனீரொட்சைட்டு வாயு அடைபட்டிருக்கும். அமுக்கத்தில் அது நீரில் கரைந்து, கோப்பையில் விழுந்ததும் சிறு குமிழிகளாக வெளியேறுகிறது. குமிழிகளைச் சுற்றித் தோல்போலப் படியும் பொருட்கள் அவற்றைத் தாங்குகின்றன. எண்ணெயோ அவற்றை உடைக்கிறது. எண்ணெய் குறைந்த றொபஸ்ராவின் நுரை தடிப்பாகவும் நெடுநேரமும் நிற்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். அராபிக்காவின் நுரை மென்மையானது, விரைவில் கலைந்துவிடும். ஆனால் தடித்த நுரை நல்ல சுவைக்குச் சான்றல்ல. நுரையை மட்டும் வழித்து ருசித்தால் கசப்பாகவே இருக்கும்.

நாம் துணியில் வடிக்கும் கோப்பியில் அந்த அமுக்கம் இல்லாததால் கிறேமா வராது. எனினும் வாயுவைக் காணலாம். அண்மையில் வறுத்த தூளில் கொதிநீரைச் சிறிது விட்டால் பொங்கி எழும். பழந்தூள் அசையாமல் கிடக்கும். அத்தகைய தூளில் எந்த இனமானாலும் நல்ல நுரையை எதிர்பார்க்க முடியாது.

கலவையில் வாசனை அராபிக்காவின் பங்கு. கனமும் நுரையும் றொபஸ்ராவின் பங்கு. பால் விட்டால் தனி அராபிக்காவின் மென்சுவை அமுங்கிவிடும். றொபஸ்ராவின் கசப்பு பாலையும் சீனியையும் தாண்டி நாக்குக்கு எட்டும். தென் இத்தாலியில் றொபஸ்ராவைத் தாராளமாகச் சேர்ப்பது வழக்கம். அராபிக்கா மட்டுமே விற்பவர்களும் அந்நாட்டில் உண்டு.

வீட்டில் கலந்து பார்க்க விரும்பினால் இரண்டையும் புறம்பாக வறுங்கள். ஒரே சட்டியில் அவை ஒன்றாகப் பதமாவதில்லை. ஒன்று கருகும்போது மற்றது பச்சையாக நிற்கும். பிறகு ஏழு கரண்டி அராபிக்காத் தூளுக்கு மூன்று கரண்டி றொபஸ்ராவில் தொடங்கலாம். முதலில் பாலும் சீனியும் இன்றிக் குடித்துப் பாருங்கள். வாய் வறண்டு கசப்பு நெடுநேரம் நின்றால் ஒரு கரண்டி றொபஸ்ராவைக் குறையுங்கள். பால் விட்டதும் கோப்பியின் சுவையே தெரியாவிட்டால் ஒரு கரண்டி கூட்டுங்கள்.