0.8 என்றால் பக்கத்துக்கு 0.4

ஒரு குழாயின் விட்டத்தை அளக்க வெர்னியர் போதும். இரண்டு தாடைகளுக்கு நடுவில் குழாயை வைத்து எண்ணைப் படித்துவிடலாம். பைக் இன்ஜினின் பக்கத்தில் இருக்கும் அலுமினிய மூடியை எடுத்துக்கொண்டால் கதை வேறு. கிளட்சை மறைத்துக்கொண்டு குவிந்து, விளிம்புக்கு வரும்போது சட்டென்று சரியும் அந்த மூடியில் வெர்னியரின் தாடையை எங்கே பொருத்துவது? நீளம், அகலம், ஆரம் என்று ஒற்றை எண்ணில் அடங்காத வளைவு அது. ஒவ்வொரு இடத்திலும் வளைவின் அளவு மாறிக்கொண்டே போகிறது.

இப்படிப்பட்ட பரப்புகளுக்காகத்தான் டிராயிங்கில் ஒரு குறி உண்டு. அரைவட்டம் ஒன்றைக் கவிழ்த்து வைத்து, அடியில் கோடு போட்டு மூடியது போல இருக்கும். பட்டறைகளில் ‘சர்ஃபேஸ் புரொஃபைல்’ என்பார்கள். அடிக்கோடு இல்லாத வெறும் வளைவாக இருந்தால் அது ஒற்றைக் கோட்டின் வடிவத்துக்கானது. மூடிய அரைவட்டம் முழுப் பரப்புக்கும் சேர்த்து. அதன் பக்கத்துக் கட்டத்தில் ஓர் எண் இருக்கும். நம் மூடிக்கு அது 0.8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

அந்த எண்ணைப் படிப்பதில்தான் பாதித் தகராறு பிறக்கிறது. 0.8 என்பதைப் பார்த்ததும் ‘பிளஸ் ஆர் மைனஸ் 0.8’ என்று கை தானாக எழுதிவிடும். அது தவறு. 0.8 என்பது அனுமதிக்கப்பட்ட பட்டையின் மொத்த அகலம். வேறெதுவும் குறிப்பிடாவிட்டால் அந்தப் பட்டை உண்மை வடிவத்துக்கு வெளியே 0.4, உள்ளே 0.4 என்று சரிபாதியாகப் பிரியும்.

உண்மை வடிவம் என்பது கணினியில் வரைந்த மாடல், அல்லது டிராயிங்கில் கட்டம் போட்டு எழுதிய அளவுகள் சேர்ந்து உருவாக்கும் வடிவம். கட்டத்துக்குள் இருக்கும் அளவுகளுக்குத் தனியாக டாலரன்ஸ் கிடையாது. அவை சொல்வது, பரப்பு எங்கே இருந்திருக்க வேண்டும் என்பதை மட்டும்தான். எவ்வளவு விலகலாம் என்பது புரொஃபைல் கட்டத்தின் வேலை.

பட்டையைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. 0.8 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருண்டையை, ஏறத்தாழ ஒரு கசகசா விதை அளவுக்கு, கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் மையப்புள்ளி உண்மைப் பரப்பின் மீதே ஊர்ந்து போகிறது. குவிந்த உச்சியில் போகிறது, சரிவில் இறங்குகிறது, விளிம்புவரை போய்த் திரும்புகிறது. அந்த உருண்டை தொட்டுப் போன இடம் மொத்தமும்தான் பட்டை. தயாரான மூடியின் பரப்பில் ஒரு புள்ளிகூட அதை விட்டு வெளியே போகக் கூடாது.

உருண்டை என்பதால் ஒரு நன்மை கிடைக்கிறது: பட்டையின் அகலம் பரப்புக்குச் செங்குத்தாக எல்லா இடத்திலும் ஒன்றுதான். பழைய முறையில் ‘இந்த இடத்தில் உயரம் 32, பிளஸ் ஆர் மைனஸ் 0.4’ என்று உயரத்தை மட்டும் எழுதுவார்கள். தட்டையான உச்சியில் அது சரி. பரப்பு 60 பாகை சாய்ந்திருக்கும் இடத்தில் அதே எழுத்து, பரப்புக்குச் செங்குத்தாகப் பார்த்தால் 0.4 அகலப் பட்டையாகச் சுருங்கிவிடும். டிராயிங் போட்டவர் அப்படி நினைத்திருக்கவே மாட்டார். சரிவில் இருக்கும் பரப்பு மட்டும் காரணமே இல்லாமல் இரட்டிப்புக் கண்டிப்புக்கு ஆளாகும்.

இனி மூடியை சி.எம்.எம். மேசையில் வைப்போம். நுனியில் சிறு மாணிக்கக் குண்டு பதித்த ஊசியால் பரப்பைத் தொட்டுத் தொட்டு அளக்கும் எந்திரம் அது. அளக்கத் தொடங்குமுன் மூடி எங்கே, எப்படி நிற்கிறது என்பதை எந்திரத்துக்குச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் புரொஃபைல் கட்டத்தில் 0.8-க்கு அடுத்து A, B, C என்று மூன்று எழுத்துகள். இவை டேட்டம்கள். A என்பது இன்ஜினோடு ஒட்டும் தட்டையான முகம். B, C இரண்டும் மூடியை இடம் பிசகாமல் நிறுத்தும் இரண்டு டவல் துளைகள். இவற்றைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்போது உண்மை வடிவம் ஓரிடத்தில் ஆணியடித்தது போல நின்றுவிடுகிறது.

ஐந்து இடங்களில் தொட்டதாக வைத்துக்கொள்வோம். உச்சிப் பகுதியில் மூன்று புள்ளிகள்: +0.43, +0.38, +0.35. செங்குத்தாக இறங்கும் பக்கச் சரிவில் இரண்டு: +0.05, −0.10. பிளஸ் என்றால் உலோகம் கூடுதலாக வெளியே நிற்கிறது, மைனஸ் என்றால் உள்ளே வாங்கியிருக்கிறது. உண்மையில் ஐந்து புள்ளி போதாது, நூற்றுக்கணக்கில் தொடுவார்கள். கணக்குப் புரிய இது போதும்.

பொருளைக் கொண்டுவந்தவரின் வாதம் இப்படித்தான் தொடங்கும்: “சார், பெரிய எண் 0.43, சின்ன எண் மைனஸ் 0.10. வித்தியாசம் 0.53 தானே? நீங்க 0.8 குடுத்திருக்கீங்க.”

“வித்தியாசத்தை விடுங்கண்ணே. அந்த 0.43 எங்க நிக்குதுன்னு பாருங்க” என்பார் ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்.

அவர் சொல்வதே சரி. வெளிப்பக்கம் இருக்கும் இடம் 0.4 தான். உச்சியில் ஒரு புள்ளி 0.03 அளவுக்குப் பட்டையைத் தாண்டிவிட்டது. மூடி ரிஜெக்ட். 0.53 என்ற வீச்சு 0.8-க்குள் அடங்குவதால் பயன் இல்லை, ஏனென்றால் பட்டை நகர்ந்து வந்து மூடிக்கு இடம் கொடுக்காது. அறிக்கையில் ஒற்றை எண் கேட்டால் மிகப் பெரிய விலகலை இரண்டால் பெருக்கிச் சொல்ல வேண்டும்: 0.86. உண்மை வடிவத்தை நடுவில் வைத்து இருபுறமும் சமமாக விரியும் பட்டை எவ்வளவு அகன்றால் இந்த மூடி உள்ளே அடங்கும் என்பதற்கான விடை அது. அறிக்கையில் வெறும் 0.43 என்று எழுதி, அதை 0.8-ஓடு ஒப்பிட்டு ‘ஓகே’ முத்திரை குத்துவது இதைவிட மோசமான பிழை. பார்க்கச் சரியாகத் தெரியும் என்பதுதான் அதன் ஆபத்து.

ரிஜெக்ட் என்று சொல்லியாயிற்று. ஆனால் எண்களை இன்னொரு முறை பார்த்தால் அவை வேறொன்றும் சொல்கின்றன. உச்சியில் மூன்றுமே பிளஸ், மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பக்கச் சரிவில் அப்படி எதுவும் இல்லை. அச்சு வார்ப்பில் வளைவு கோணலாகிப் போயிருந்தால் எண்கள் இவ்வளவு ஒழுங்காக வந்திருக்காது. மூடி முழுவதும் A முகத்திலிருந்து சற்று எழும்பி நிற்பது போலத்தான் இது தெரிகிறது. அப்படி நடக்கச் சாதாரணமான ஒரு காரணம் உண்டு: A முகத்தை மில்லிங்கில் சீவியபோது 0.3 மி.மீ. குறைவாகச் சீவியிருக்கிறார்கள்.

அந்த 0.3-ஐ இப்போது சீவினால் என்ன ஆகும்? உச்சிப் புள்ளிகள் முழு 0.3-உம் இறங்கும்: +0.13, +0.08, +0.05. பக்கச் சரிவு 70 பாகை சாய்வு என்றால் அங்கே செங்குத்துத் திசையில் 0.1 மட்டுமே மாறும்: −0.05, −0.20. மிகப் பெரிய விலகல் இப்போது 0.20, எனவே அறிக்கை எண் 0.40. அதே வார்ப்பு, அதே வளைவு, பாதிப் பட்டைக்குள் அடங்கிவிட்டது. A முகத்திலிருந்து அளக்கும் உட்பக்க ஆழங்கள் இடம் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அச்சைத் திருத்தப் பணமும் வாரங்களும் செலவழிப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டிய இடம் இது. 0.86 என்ற ஒற்றை எண் இதைக் காட்டியிருக்காது. எந்த இடத்தில் என்ன குறி என்று பரப்பு முழுவதும் நிறம் பிரித்துக் காட்டும் படம்தான் காட்டும்.

இதே விவரத்தைத் தவறான வழியிலும் பயன்படுத்தலாம். சி.எம்.எம். மென்பொருளில் ‘பெஸ்ட் ஃபிட்’ என்றொரு வசதி இருக்கிறது. அளந்த புள்ளிகளை எப்படி நகர்த்தித் திருப்பினால் மாடலோடு நன்றாகப் பொருந்துமோ அப்படிப் பொருத்திவிடும். நம் மூடியை அப்படிப் பொருத்தினால் 0.3 தூக்கல் மறைந்துபோய், சீவாமலே ‘பாஸ்’ வந்துவிடும். கட்டத்தில் A, B, C எதுவும் இல்லாமல் வெறும் 0.8 இருந்தால் அது நியாயமான அளவீடே. அப்போது கேள்வி வடிவத்தைப் பற்றியது மட்டும். டேட்டம் எழுதியிருக்கும்போது வடிவம், சாய்வு, இடம் மூன்றையும் சேர்த்தே கேட்கிறார்கள். மென்பொருளில் நகர்த்திய மூடி இன்ஜினில் நகராது.

பட்டை எப்போதும் சரிபாதிதானா என்றால், இல்லை. மூடியின் வெளிப்பக்கம் கொஞ்சம் தடித்தால் யாருக்கும் நட்டமில்லை, உள்ளே வாங்கி மெலிந்தால்தான் வம்பு என்று வடிவமைப்பாளர் நினைக்கலாம். அப்போது அமெரிக்க ASME Y14.5 தரத்தின்படி `0.8 Ⓤ 0.6` என்று எழுதுவார். மொத்த அகலம் அதே 0.8. வட்டத்துக்குள் இருக்கும் U-வுக்குப் பின்னால் வரும் 0.6, உலோகம் கூடும் திசையில் கிடைக்கும் பங்கு. மிச்சம் 0.2 உள்பக்கம். ISO தரத்தில் இதையே `0.8 UZ+0.2` என்பார்கள். அங்கே பின்னால் வரும் எண் பட்டையின் நடுக்கோடு எவ்வளவு நகர்ந்தது என்பதைக் குறிக்கும். ஒரு தரத்தில் பழகியவர் மற்றதைப் படித்தால் ஏமாற வாய்ப்பு அதிகம். முதலில் ரிஜெக்ட் ஆன நம் மூடியை இந்தப் பட்டையில் வைத்துப் பாருங்கள். +0.43 என்பது 0.6-க்குள், −0.10 என்பது 0.2-க்குள். மூடி பாஸ். அகலம் மாறவில்லை, பட்டை நின்ற இடம் மட்டும் மாறியது.

எவ்வளவு ஒல்லியான பட்டையாக இருந்தாலும், அது எந்த வடிவத்தைச் சுற்றி நிற்கிறது என்ற கேள்வி மிச்சமிருக்கும். பழைய மாடலை வைத்துப் புதிய மூடியை அளக்கும் பட்டறைப் பிழைக்கு ஓர் அண்ணன் உண்டு: ஹபிள் தொலைநோக்கி. அதன் 2.4 மீட்டர் முதன்மைக் கண்ணாடியை அமெரிக்காவின் டான்பரியில் பெர்கின்-எல்மர் நிறுவனம் தேய்த்து முடித்தபோது, பரப்பு அபாரமான நேர்த்தியுடன் இருந்தது. ஆனால் வடிவத்தைச் சரிபார்த்த ஒளியியல் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. இடம் தவறிப் பொருத்தப்பட்டிருந்தது. கருவி காட்டிய தவறான வளைவை நோக்கியே கண்ணாடியைத் துல்லியமாகத் தேய்த்தார்கள். வேறு சோதனைகள் முரண்பாட்டைக் காட்டியபோது, முதல் கருவிதான் மிகத் துல்லியமானது என்று அவற்றை ஒதுக்கினார்கள். 1990 ஏப்ரலில் ஹபிள் விண்ணுக்குப் போன பிறகுதான், கண்ணாடியின் விளிம்பு ஏறத்தாழ 2.2 மைக்ரான் அதிகத் தட்டையாக இருப்பது தெரிந்தது. தலைமுடியின் தடிமனில் அது மிகச் சிறு பங்கு. விண்மீன்களின் படம் மங்குவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

கண்ணாடி பல இடங்களில் பலவிதமாகக் கோணியிருந்தால் வழியே இருந்திருக்காது. பிழை ஒழுங்காக இருந்ததால் அதற்கு நேர் எதிரான வளைவைக் கணக்கிட முடிந்தது. 1993 டிசம்பரில் எண்டெவர் விண்ணோடத்தில் போன வீரர்கள் அந்த எதிர்வளைவு கொண்ட சிறு கண்ணாடிகளையும், திருத்தத்தைத் தன்னுள்ளேயே கொண்ட புதிய கேமராவையும் பொருத்தினார்கள். முதன்மைக் கண்ணாடி இன்றும் அதே 2.2 மைக்ரான் பிழையோடுதான் சுற்றிக்கொண்டிருக்கிறது.