உள்ளே விட்ட ஒரு இன்ச்

குடும்பச் சங்கமம் என்றால் எல்லோரும் ஒரே நிறத்தில் சட்டை எடுத்துப் போட்டுக்கொள்வது இப்போது வழக்கமாகிவிட்டது. கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் வேலையில் இருக்கும் தக்கலைக்காரர் ஒருவர் இந்த ஓண விடுமுறைக்கு ஜவுளிக்கடைப் பக்கமே போகவில்லை. காலமான அப்பாவின் பழைய சட்டைகளை அம்மாவின் பீரோவிலிருந்து எடுத்துவந்து, தமக்கும் தம்பிக்கும் மாற்றித் தைக்கக் கொடுத்தார். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

அப்பா பள்ளி ஆசிரியர். ஏழு சட்டைகளும் எண்பதுகளில் ஊரிலேயே அளவு கொடுத்துத் தைத்தவை. நாலு டெரிகாட்டன், மூன்று பருத்தி. மார்பு 46 இன்ச், தோள் 19. அந்தக் காலத்துச் சட்டை தொளதொளவென்றுதான் இருக்கும்.

கழக்கூட்டம் சந்திப்பை ஒட்டிய சந்தில் கடை வைத்திருக்கும் பாறசாலைத் தையல்காரர் முதலில் கத்தரியைத் தொடவில்லை. ஒவ்வொரு சட்டையையும் ட்யூப்லைட் முன்னால் விரித்துப் பிடித்தார். நூல் மெலிந்த இடம் சல்லடைபோல வெளிச்சத்தை விடும். பிறகு அக்குளிலும் முதுகுத் தோள்பட்டியின் ஓரத்திலும் இரண்டு கட்டைவிரலாலும் துணியை மெல்ல இழுத்தார். வியர்வை ஊறி ஊறிப் பருத்தி முதலில் இற்றுப்போவது அக்குளில்தான். வெள்ளைச் சட்டை ஒன்று அங்கேயே ‘பர்’ரென்று விட்டுக்கொடுத்தது. இன்னொன்றில் கஞ்சி போட்டபடியே மடித்து வைத்த பாவத்துக்கு ராமபாணப் பூச்சி அரித்திருந்தது. மூன்றாவதில் பூஞ்சையின் கரும்புள்ளி. ப்ளீச்சிங் போட்டால் புள்ளி மங்கலாம், ஆனால் ஏற்கெனவே இளைத்த துணி இன்னும் இளைக்கும் என்று அதையும் ஒதுக்கினார். பருத்தி மூன்றும் போயிற்று. தேறியவை நாலும் டெரிகாட்டன். அவற்றிலும் இரண்டில் முழங்கை தேய்ந்திருந்தது.

“தம்பி, இதெல்லாம் தூக்கிப் போட வேண்டாம். மத்த சட்டைக்கு ஒட்டுப் போட இந்தத் துணிதான் வேணும்” என்றார் அவர்.

அண்ணனுக்கு மார்பு 38. அவருக்குத் தைத்த சட்டை 42 இருந்தால் போதும், ஆகவே 4 இன்ச் குறைக்க வேண்டும். பக்கத்துக்கு 2 இன்ச். பல கடைகளில் பக்கத் தையலை மட்டும் உள்ளே தள்ளிக் கொடுத்துவிடுவார்கள். இடுப்பு ஒட்டும், ஆனால் தோள் மூட்டு கைக்குப் பாதி வழி இறங்கித் தொங்கும். போட்டவுடனேயே ‘அடுத்தவன் சட்டை’ என்று காட்டிக்கொடுப்பது இதுதான். இவர் இரண்டு கையையும் பிரித்தெடுத்து, தோளைப் பக்கத்துக்கு முக்கால் இன்ச் குறைத்து, கைக்குழியைப் புதிதாக வெட்டினார். கையின் அகலத்தையும் அதற்கு ஈடாகக் குறைத்துத்தான் திரும்பப் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் மூட்டில் சுருக்கம் விழும். சரியாக வந்ததா என்று பார்க்கக் கையை மேலே தூக்கச் சொன்னார். சட்டை முழுக்க மேலே ஏறிவந்தால் கைக்குழி தாழ்ந்துவிட்டது என்று அர்த்தம்.

சட்டைப் பையில் ஒரு சிக்கல். முன்பக்கத்தில் அதிகம் குறைத்தால் பை அக்குளுக்குள் போய்விடும். பிரித்து நகர்த்தலாம் என்றால், பைக்கு அடியில் வெயில் படாத சதுரம் மட்டும் புதுத்துணி நிறத்தில் பளிச்சென்று நிற்கும். அதனால் பையைத் தொடாமல், முன்பக்கத்தில் முக்கால் இன்ச்சும் பின்பக்கத்தில் ஒன்றேகால் இன்ச்சும் எடுத்தார். பையில் சிவப்புப் பேனா கசிந்த கறை இருந்தது. அது இருக்கட்டும் என்று மகன் சொல்லிவிட்டார்.

காலர் கூரான நீளக் காலர், மடிப்பில் நைந்துவிட்டது. உள்ளே பசையில்லாத பக்ரம் என்பதால் ஒரு சட்டையில் காலரைப் பிரித்து, மேல்புறத்தைக் கீழாகத் திருப்பித் தைத்தார். நைந்த வரி உள்ளே ஒளிந்துகொண்டது. இன்னொன்றில் இரண்டு புறமும் தேய்ந்திருந்ததால் மடியும் பாகத்தை எடுத்துவிட்டு, கழுத்துப் பட்டியை மட்டும் வைத்து சைனீஸ் காலர் ஆக்கினார். முழங்கை தேய்ந்த சட்டைகள் அரைக்கை ஆயின.

தம்பி விஷயம்தான் என்னை இந்தக் கட்டுரைக்கு இழுத்தது. அவர் கனத்த உடம்பு, 50 இன்ச் சட்டை வேண்டும். சட்டையோ 46. சின்னதைப் பெரிதாக்க முடியுமா?

தையல்காரர் பக்கத் தையலைப் புரட்டிக் காட்டினார். “தச்சவரு நல்ல கைக்காரரு. உள்ளே ஒரு இன்ச் விட்டிருக்காரு பாருங்க.” முன்துணியிலும் பின்துணியிலும், இரண்டு பக்கமும், ஆக நாலு இடத்தில் ஒவ்வொரு இன்ச். தையலுக்கு அரை இன்ச் நிறுத்திக்கொண்டு மீதியை விட்டதில் 2 இன்ச் கிடைத்தது. இன்னும் வேண்டிய 2 இன்ச்சுக்கு, ஒதுக்கிய சட்டைகளில் இற்றுப்போகாத இடமாகப் பார்த்துப் பக்கத்துக்கு ஒரு பட்டை. அகலம் 2 இன்ச், இரு ஓரமும் தையலில் போக வெளியே தெரிவது 1. அரைக்கை ஓரத்திலிருந்து அக்குள் வழியாகச் சட்டையின் அடிவரை ஒரே ஓட்டமாக அதை வைத்தார். பழைய ஊசித்துளையும் மங்காத நிறக்கோடும் லேசாகத் தெரியத்தான் செய்தன. அவற்றை ஒட்டியே பட்டை வந்ததால், வேண்டுமென்றே செய்த வேலைப்பாடு போல ஆகிவிட்டது.

பழைய துணிக்கு 11-ஆம் நம்பர் மெல்லிய ஊசி, கொஞ்சம் தளர்ந்த தையல். நெருக்கித் தைத்தால் தபால்தலை ஓரம்போலத் துளைவரிசை விழுந்து அங்கேயே கிழியும். ஒட்டுப் போட்ட பருத்திப் பட்டை இழுபட்டால் முதலில் நூல்தான் அறவேண்டும், துணி அறக்கூடாது என்பது அவர் கணக்கு. அதற்காகவே பாலியெஸ்டர் நூலைத் தள்ளிவைத்துப் பருத்தி நூலை எடுத்தார்.

இறந்தவர் உடுத்திய துணியைத் தானம் கொடுத்துவிட வேண்டும், வீட்டில் வைத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. இந்த வீட்டிலும் ஓர் அத்தை சொன்னார்.

என் கவலை வேறு. இதே வேலையை நம் பிள்ளைகள் நம் சட்டையில் செய்ய முடியுமா? உங்கள் ரெடிமேட் சட்டை ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். பக்கத் தையலில் பெரும்பாலும் அரை இன்ச்கூட இருக்காது. அதையும் மடித்து இரட்டைத் தையல் போட்டிருப்பார்கள், அல்லது ஓவர்லாக் அடித்து ஓரத்தை வெட்டியிருப்பார்கள். ஆயிரக்கணக்கில் வெட்டும் இடத்தில் சட்டைக்கு இரண்டு இன்ச் துணி மிச்சம் பிடிப்பது பெரிய லாபம். காலருக்குள் இருப்பது சூட்டில் ஒட்டிய பசைத்துணி. சலவையிலும் சூட்டிலும் பசை விட்டால் காலர் கொப்பளிக்கும், பிரித்துத் திருப்பினாலும் கொப்பளம் போகாது. சிக்கென்று பிடிக்கும் சட்டைகளில் கலந்திருக்கும் இழுவை நூல் வருடக்கணக்கில் பீரோவில் கிடந்தால் தளர்ந்துவிடும். குறைக்கலாம், கூட்ட முடியாது. அதாவது நம்மைவிட ஒல்லியான பிள்ளைக்கு மட்டுமே நம் சட்டை உதவும்.

அளவு கொடுத்துத் தைப்பவர்கள் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லலாம்: பக்கத்திலும் கையிலும் ஒரு இன்ச் உள்ளே விடுங்கள், ஓரத்தை ஓவர்லாக்கில் வெட்டாமல் அடியுங்கள், காலருக்குத் தையல் பக்ரம் வையுங்கள். துணி கூடுதலாகக் கால் மீட்டர்கூட ஆகாது. பீரோவில் வைக்கும்போது கஞ்சி போடாமல் துவைத்து, நன்றாக உலர்த்தி வைத்தால் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் வேலை குறையும். தக்கலையில் அந்தப் பெயர் தெரியாத தையல்காரர் தம்பியின் உடம்பை நினைத்து அந்த இன்ச்சை விடவில்லை. வாத்தியார் பின்னால் சதை போடுவார் என்று நினைத்து விட்டிருப்பார். வாத்தியாருக்கு அது தேவைப்படவில்லை, மகனுக்கு உதவியது.