காவல் கணினி எங்கே இருக்கட்டும்?

கடையின் இணையதளம் வேலை செய்கிறதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும் சின்ன ஸ்கிரிப்ட். அதற்காக வீட்டு டெஸ்க்டாப்பை அணைக்காமல் வைத்தால், 60 வாட் என்று கொண்டாலும் மாதம் 43 யூனிட் ஓடும். மின்கட்டணத்தைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. வீட்டு பிராட்பேண்ட் அறுந்தால், நன்றாக ஓடும் தளத்தையே ‘விழுந்துவிட்டது’ என்று ஸ்கிரிப்ட் எழுதிவைக்கும். அதே நிமிடத்தில் கூகுளும் கிடைக்கவில்லை என்றால் பழுது நம் வீட்டில்தான். கரண்ட் போனாலோ, அதுவும் சேர்ந்து ஊமையாகிவிடும்.

512 எம்பி நினைவகமுள்ள மலிவு கிளவுட் சர்வரே இந்த வேலைக்குத் தாராளம். ஆனால் தளம் ஓடும் அதே சர்வரில் ஸ்கிரிப்டை வைக்காதீர்கள். இரண்டும் ஒன்றாக விழும், எச்சரிக்கை சொல்ல ஆளிருக்காது. வீட்டுக்குள் இருக்கும் கேமராவைக் கண்காணிப்பதற்கு மட்டும் வீட்டுக் கணினிதான் சரி.