நன்றியுரையில் விடுபடுகிறவர்கள்

கனடாவில் ஜனவரி மாதம் தமிழ் மரபுத் திங்கள். ஒன்ராறியோ மாகாணம் 2014இலும் நாடாளுமன்றம் 2016இலும் அதை ஏற்றுக்கொண்டன. பொங்கலும் அதே மாதம் வருவதால், ரொறன்ரோவைச் சுற்றியுள்ள ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் பனியையும் பொருட்படுத்தாமல் மேடை நிகழ்ச்சிகள் நடத்துகின்றன. இரவு பத்து மணிக்குச் செயலாளர் நன்றியுரைக்கு வருவார். அனுசரணையாளர்களுக்குப் பெயர் சொல்லி நன்றி, பிரதம விருந்தினருக்குப் பொன்னாடை, கடைசியாக 'தொண்டர்கள் அனைவருக்கும்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் அடங்கியவர்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சபை அறிவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 24 நிகழ்ச்சிகள், ஒவ்வொன்றும் ஆறு நிமிடம். ஒரு குழு இறங்கி அடுத்தது ஏற இரண்டு நிமிடம் எடுத்தால் மொத்தம் மூன்று மணி பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதே இடைவெளி நான்கு நிமிடமானால் மூன்று மணி ஐம்பத்தாறு நிமிடம். கூடுதலான இந்த 46 நிமிடத்துக்கு மண்டபத்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டிவரலாம். கடைசியில் ஆட நிற்கும் பிள்ளைகளுக்கு வெற்றுக் கதிரைகள்தான் மிஞ்சும்.

அந்த இரண்டு நிமிடத்தைக் காப்பாற்றுகிறவர் திரைக்குப் பின்னால் பட்டியலோடு நிற்பவர். ஒரு குழு ஆடும்போது அடுத்த குழு மேடையோரம் நிற்க வேண்டும். அதற்கடுத்த குழு ஒப்பனை அறையிலிருந்து கிளம்பியிருக்க வேண்டும். பாட்டுகளை முதல் நாளே வாங்கி, நிகழ்ச்சி எண் போட்டு அடுக்கி, ஒவ்வொன்றையும் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். அறிவிப்பாளர் அனுசரணையாளர் பெயர்களை இரண்டாம் முறை வாசிக்கத் தொடங்கினால், உள்ளே ஏதோ தடுமாற்றம் என்று புரிந்துகொள்ளலாம். அப்படி ஒரு தடவையும் நடக்காத விழா என்றால், அந்தப் பட்டியல்காரருக்குத்தான் முதல் பொன்னாடை போக வேண்டும் என்பேன். வாசலில் நானூறு குளிர்க் கோட்டுகளை வாங்கி, எண் கொடுத்து, மாறாமல் திருப்பிக் கொடுத்தவர்களும் அவர் பக்கத்தில் நிற்கத் தகுந்தவர்களே.

தொண்டர்களில் பலர் உயர்பள்ளி மாணவர்கள். ஒன்ராறியோவில் உயர்பள்ளிச் சான்றிதழ் பெற 40 மணித்தியாலச் சமூகத் தொண்டு கட்டாயம். செய்த வேலையும் நேரமும் எழுதிய படிவத்தில் அமைப்பின் பொறுப்பாளர் கையெழுத்திட்டால்தான் பள்ளி அதைக் கணக்கில் சேர்க்கும். "அங்கிள், மணித்தியாலம் எழுதித் தாங்கோ" என்று பிள்ளைகள் வந்து நிற்பது இதற்காகத்தான். விழா முடிந்த களைப்பில் "பிறகு பார்ப்பம் தம்பி" என்று அனுப்பிவிட்டால், அந்தப் பிறகு பல மாதம் இழுபடும். நிர்வாகக் குழுவும் மாறிவிடும். வருகையும் போகும் நேரமும் குறிக்கும் ஒரு தாள் வாசலில் இருந்தால் போதும், அன்றே கையெழுத்திட்டுக் கொடுத்துவிடலாம். எல்லா வேலையும் இதில் சேராது என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சாரமேறி விளக்குக் கட்டுவதும் மின்கருவி பிடிப்பதும் மாணவருக்கு அனுமதியில்லாத வேலைகள். அவற்றைப் பெரியவர்களே செய்ய வேண்டும்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். கரும்பு, வாழையிலை, ஒட்டுநாடா, ஊசி என்று தன் கைக்காசில் வாங்கி வருகிற அன்ரி ஒருவர் ஒவ்வொரு சங்கத்திலும் இருக்கிறார். 'பரவாயில்லை' என்று அவர் சொல்வதைச் சங்கம் சாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கனடாவில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனமாக இருந்தாலும், ஒருவர் தந்த உழைப்புக்கு வரி விலக்குப் பற்றுச்சீட்டு கொடுக்கச் சட்டம் இடம் தராது. பணமும் பொருளுமே கொடை. ஆகவே அவர் செலவழித்ததற்குச் சீட்டை வாங்கிச் சங்கம் காசோலை எழுத வேண்டும். அந்தப் பணத்தை அவராக விரும்பித் திரும்பக் கொடுத்தால் அது நன்கொடை. பதிவுபெற்ற நிறுவனம் அதற்குப் பற்றுச்சீட்டு தரலாம். அவர் மனமும் நோகாது, சங்கத்தின் கணக்கும் நேராக இருக்கும். அடுத்த வருடத்துக் குழுவுக்கும் விழாவின் உண்மையான செலவு தெரியவரும்.

நன்றிக் கடிதம் எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். 'உங்கள் அளப்பரிய சேவைக்கு' என்று எல்லோருக்கும் ஒரே வரியை அச்சிட்டு அனுப்பாதீர்கள். 'மூன்றாவது நடனத்தில் ஒலிவாங்கி நின்றபோது நீங்கள் வேறொன்றை ஓடிவந்து கொடுத்தீர்கள்' என்று எழுதுங்கள். அதற்கு விழா அன்றிரவே பிரிவுப் பொறுப்பாளர்கள் ஆளுக்கு ஒரு வரி குறித்து வைத்திருக்க வேண்டும். ஒரு கிழமை போனால் யாருக்கும் நினைவிருக்காது.

இந்தப் பொங்கலுக்கு விழா நடத்துகிற சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். நிகழ்ச்சி நிரலில் நன்றியுரைக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மண்டபம் கலைவதற்கு முன், தொண்டர்களை மேடைக்கு அழைத்துப் பெயரையும் வேலையையும் சேர்த்து வாசியுங்கள்.