தையலுக்கு 6 நிமிடம், காத்திருப்புக்கு ஒன்றரை நாள்

கூலியும் மின்சாரமும் காஸ்ட் ஷீட்டில் எப்படி ஏறுகின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் பார்க்கப்போவது, அந்தத் தாளில் ஏறாத செலவை. அதற்கு, திருப்பூரில் கண்ணை மூடிக்கொண்டு தைக்கும் அளவுக்குப் பழகிய பொருளையே எடுத்துக்கொள்வோம்: ஒரு வட்டக் கழுத்து டி-ஷர்ட்.

வெட்டிய துணி தையல் லைனுக்கு வந்ததும் அதற்கு ஏறக்குறைய 10 வேலைகள் நடக்கின்றன. தோளைச் சேர்க்க வேண்டும். கழுத்து ரிப்பைத் தயார் செய்து ஓவர்லாக்கில் ஏற்ற வேண்டும். பின்கழுத்தில் டேப் வைத்து அதன்மேல் ஒரு தையல், பிறகு லேபிள். கைகளை பிளாட்லாக்கில் மடித்து அடித்து, உடம்போடு சேர்த்து, இரண்டு பக்கமும் சைடு அடித்து, கடைசியில் அடிமடிப்பு. இந்த 10 வேலைக்கும் சேர்த்து ஒரு பீஸுக்கு 6 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த 6 நிமிடத்தில்தான் துணி சட்டையாகிறது. ஒரு வேலை மதிப்பைக் கூட்டுகிறதா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும். பொருள் அதனால் மாறுகிறதா? அந்த மாற்றத்துக்கு வாங்குபவர் காசு கொடுப்பாரா? முதல் முறையிலேயே சரியாகச் செய்தோமா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது மதிப்புக் கூட்டும் வேலை. பண்டல் கட்டுவது, அவிழ்ப்பது, எண்ணுவது, தூக்கிப் போவது, அடுக்கி வைப்பது, சரிபார்ப்பது, பிரித்துத் தைப்பது எல்லாமே மற்ற பக்கம். அவற்றைச் செய்பவர்கள் சும்மா இருப்பதில்லை. நாள் முழுக்க ஓடுகிறார்கள். அவர்கள் ஓட்டத்தால் சட்டை மாறுவதில்லை, அவ்வளவுதான்.

இப்போது கணக்குக்கு வருவோம். லைனில் 10 டெய்லர்கள். துணி 25 பீஸ் கொண்ட பண்டல்களாக நகர்கிறது. ஒவ்வொரு மெஷினிலும் ஒரு பண்டல் ஓடுகிறது, பக்கத்தில் இரண்டு பண்டல் காத்திருக்கிறது. அப்படியானால் லைனுக்குள் எப்போதும் 10 × 3 × 25 = 750 பீஸ் இருக்கும். எல்லோரும் முழு வேகத்தில் தைத்தால் மணிக்கு 100 பீஸ் வர வேண்டும். நூல் அறுவது, ஆள் வராதது, ஸ்டைல் மாறுவது எல்லாம் போக 60 வருகிறது என்று கொள்வோம். உள்ளே 750, மணிக்கு வெளியே வருவது 60. எனவே இப்போது உள்ளே போகும் துணி வெளியே வர பன்னிரண்டரை மணி நேரம், அதாவது 750 நிமிடம் ஆகும். 8 மணி நேர ஷிப்டில் அது ஒன்றரை நாள். உள்ளே இருக்கும் அளவை வெளிவரும் வேகத்தால் வகுத்தால் தங்கும் நேரம் கிடைக்கும் என்ற இந்த விதியை 1961-ல் நிரூபித்தவர் ஜான் லிட்டில். அதனால் இதற்கு லிட்டில் விதி என்று பெயர்.

750 நிமிடத்தில் 6 நிமிடம் தையல். ஒரு சதவீதம்கூட இல்லை. மீதி நேரம் முழுவதும் சட்டை எங்கோ ஒரு கூடையில் கிடக்கிறது. ஆனால் நம் ஆலைகளில் கடிகாரம் வைத்து அளப்பது அந்த 6 நிமிடத்தைத்தான். ஸ்டாப்வாட்சோடு டெய்லர் பக்கத்தில் நின்று 6 நிமிடத்தை ஐந்தரையாக்கப் பாடுபடுகிறோம். மீதி 744 நிமிடத்தைக் கேட்பாரில்லை.

துணி நகர்வதற்கும் இந்தக் காத்திருப்பில் பங்கு உண்டு. வெட்டிய முன்பக்கத்துக்கு பிரிண்ட் அடிக்க வேண்டும், பிரிண்டிங் யூனிட் ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று வையுங்கள். டெம்போ வாடகை ஒரு நடைக்கு இவ்வளவு என்று பேசியிருப்பதால், வண்டி நிறையாமல் யாரும் அனுப்ப மாட்டார்கள். காலையில் முதலில் வெட்டிய துணி, மாலையில் கடைசித் துணி வெட்டும்வரை வாசலில் கிடக்கும். பிரிண்டிங் யூனிட்டிலும் அதே கதை. எல்லாம் அடித்து முடித்த பிறகுதான் வண்டி திரும்பும். பயணம் அரைமணி நேரம்தான். அந்தப் பயணத்துக்காகத் துணி காத்திருந்தது இரண்டு நாள். கணக்குப் புத்தகத்தில் டெம்போ வாடகை மட்டும் ஏறுகிறது. தூரம் கூடக்கூட ஒரு நடைக்கு அதிகம் ஏற்றத் தோன்றும். அதிகம் ஏற்ற ஏற்றக் காத்திருப்பும் நீளும்.

செக்கிங்கின் விலையும் இந்தக் காத்திருப்பைப் பொறுத்தே ஏறும். கழுத்து ரிப் ஏற்றும் ஓவர்லாக் மெஷினில் காலை 10 மணிக்கு ஊசி முனை மழுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பனியன் துணிக்கு உருண்டை முனை ஊசி போடுவதே, அது கண்ணிகளைக் குத்தாமல் விலக்கிக்கொண்டு இறங்க வேண்டும் என்பதற்காகத்தான். முனை சிதைந்த ஊசி நூலை வெட்டிவிடும். வெட்டுப்பட்ட இடம் உடனே கண்ணுக்குத் தெரியாது. தையல் ஓரத்தை இரண்டு கையால் இழுத்து விரித்தால் வரிசையாகப் பொடி ஓட்டைகள் தெரியும். இழுத்துப் பார்க்காமல் விட்டால் வாங்கியவர் வீட்டில் முதல் சலவையில் தெரியும். பிரித்துத் தைத்தாலும் ஓட்டை போகாது. அந்த பீஸ் ரிஜெக்ட்தான்.

நம் லைனில் ரிப் ஏற்றுவது மூன்றாவது வேலை. அதற்குப் பிறகு 7 மெஷின்கள், மெஷினுக்கு 75 பீஸ் என்று 525 பீஸ் இருக்கும். காலை 10 மணிக்குக் கெட்ட முதல் பீஸ் இவ்வளவையும் தாண்டி, லைன் முடிவில் இருக்கும் செக்கர் கைக்கு வர ஏறக்குறைய 9 வேலை மணி நேரம் ஆகும், அதாவது மறுநாள். அவர் கையில் முதல் ஓட்டை தென்படும் நேரத்தில் பின்னால் 500-க்கும் மேற்பட்ட சட்டைகள் அதே ஓட்டையோடு வந்துகொண்டிருக்கும். செக்கர் வேலையைச் சரியாகத்தான் செய்தார். ஊசிக்கும் அவர் கண்ணுக்கும் நடுவே ஒரு நாள் இருந்ததுதான் நஷ்டம்.

அதனால் செக்கர்களைக் கூட்டுவது இதற்குத் தீர்வாகாது. ஒவ்வொரு பீஸையும் பார்த்தாலும் மனிதக் கண் சுமார் 80 சதவீதக் குறைகளைத்தான் பிடிக்கும் என்பது தரக்கட்டுப்பாட்டில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் அனுபவக் கணக்கு. தப்பித்த குறை பையர் ஆளிடம் மாட்டும். 3,000 பீஸ் ஆர்டரில் ஏ.க்யூ.எல். 2.5 என்ற வழக்கமான அளவில் அவர் 125 பீஸ் எடுத்துப் பார்ப்பார். 7 குறை வரை பாஸ், 8 வந்தால் ஃபெயில். ஃபெயில் ஆனால் பெட்டிகளை உடைத்து, பாலிபேக் கிழித்து, எல்லாவற்றையும் மறுபடி பார்த்து, மறுபடி அயர்ன் போட்டு, மறுபடி பேக் செய்ய வேண்டும். அத்தனையும் சட்டையை ஒரு நூல்கூட மாற்றாத வேலை.

குறையைப் பிறந்த இடத்திலேயே பிடிக்கும் வழி புதிதல்ல. 1924-ல் சாகிச்சி டொயோடா உருவாக்கிய ஜி வகை தானியங்கித் தறி, பாவு நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். அறுந்த நூலோடு ஒரு முழம்கூட நெய்யாது என்பதால் தறிக்குத் தறி ஒரு ஆள் காவல் நிற்க வேண்டியதில்லை. டொயோடா நிறுவனத்தில் தைச்சி ஓனோ கட்டியெழுப்பிய உற்பத்தி முறைக்கு இதுவும் ஒரு தூண். ஓனோ வரிசைப்படுத்திய ஏழு விரயங்களில் காத்திருப்பும் நகர்த்தலும் உண்டு. குறை பிறந்த இடத்திலேயே மெஷின் நிற்க வேண்டும், அல்லது ஆள் நிறுத்த வேண்டும். தையல் லைனில் இதைச் செய்ய, ஒருவர் மெஷின் மெஷினாகப் போய் மணிக்கு ஐந்தாறு பீஸ் இழுத்துப் பார்ப்பதும், ஊசியை நேரம் வைத்து மாற்றுவதும் போதும்.

இனி அதே லைனில் பண்டலை 10 பீஸாகக் குறைத்து, மெஷினுக்கு ஒரு பண்டல் மட்டும் காத்திருக்கட்டும். உள்ளே இருப்பது 200 பீஸ். வேகம் அதே 60. தங்கும் நேரம் 3 மணி 20 நிமிடமாகிவிடும். காலை உள்ளே போன துணி மதியச் சாப்பாட்டு வேளையில் சட்டையாகிவிடும். ரிப் மெஷினுக்கும் செக்கருக்கும் நடுவே 140 பீஸ்தான் இருக்கும். மழுங்கிய ஊசியின் வேலை இரண்டரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். யாரும் வேகமாகத் தைக்கவில்லை, புது மெஷினும் வாங்கவில்லை.

இவ்வளவு எளிதென்றால் ஏன் எல்லோரும் செய்வதில்லை? “பண்டல் இல்லைன்னா டெய்லர் சும்மா உக்காந்துக்குவாங்க” என்று சூப்பர்வைசர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பீஸ் ரேட்டில் தைப்பவருக்குப் பக்கத்தில் கிடக்கும் பண்டல்தான் அன்றைய கூலிக்கு உத்தரவாதம். அதை எடுத்துவிட்டு, முன்னால் இருப்பவர் வரவில்லை என்பதற்காக இவர் கூலியைக் குறைப்பது அநியாயம். எனவே பண்டலைச் சுருக்கும் ஆலை, ஷிப்ட் கூலியோ குழுக் கூலியோ கொடுத்து, இரண்டு மூன்று மெஷின் தெரிந்தவர்களை வளர்த்தாக வேண்டும். ரிப் ஏற்றுவது போல லைனிலேயே மெதுவான வேலைக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். அங்கே மெஷின் நின்றால் மொத்த லைனும் நிற்கும்.

எல்லாக் காத்திருப்பும் வீண் என்றும் நினைக்கக் கூடாது. ரோலில் இழுத்துச் சுற்றிய பனியன் துணியை விரித்து, 24 மணி நேரம் போலத் தளர விட்டுத்தான் வெட்ட வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால் வெட்டிய துணி சுருங்கி, சட்டையின் நீளம் குறையும். குழந்தை உடைகளை உடைந்த ஊசித்துண்டு இருக்கிறதா என்று டிடெக்டரில் ஓட்டுவதும் தவிர்க்கக் கூடாத வேலை. இவை மதிப்பைக் கூட்டாவிட்டாலும் இன்றைக்கு அவசியமானவை. வெட்ட வேண்டியது இவற்றைச் சுற்றிச் சேர்ந்துபோன மற்றதை.

காத்திருப்புக்கு காஸ்ட் ஷீட்டில் வரி இல்லை என்றேன். ஆனால் அது வேறு பெயர்களில் அங்கே உட்கார்ந்திருக்கிறது. தாமதமாகத் தெரிந்த குறை, ரிஜெக்‌ஷன் சதவீதத்தில். கடைசி வாரத்து ராத்திரி ஷிப்ட், ஓவர்டைமில். கூடையில் கிடந்த துணிக்கும் நூலுக்கும் கட்டிய பணம், வங்கி வட்டியில். கப்பலைத் தவறவிட்ட பெட்டி, விமான வாடகையில். நான்கையும் நான்கு பேர் தனித்தனியாகக் குறைக்கப் பார்க்கிறார்கள். நான்குக்கும் காரணம் லைனுக்குள் கிடக்கும் அந்த 750 பீஸ்தான்.

உங்கள் ஆலையின் எண்ணை அறிய கம்ப்யூட்டர் தேவையில்லை. கட்டிங் டேபிளில் ஒரு பண்டலில் சிவப்பு நாடா கட்டி ஒரு தாளைச் செருகுங்கள். ஒவ்வொரு இடத்திலும் பண்டல் வந்த நேரம், வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம் மூன்றையும் அதில் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பண்டலை யாரும் முந்தவிடக் கூடாது, அவசரப்படுத்தவும் கூடாது. தாள் பேக்கிங்குக்கு வந்ததும் மொத்த நேரத்தில் வேலை நேரம் எவ்வளவு என்று பாருங்கள். எந்த இரண்டு வரிகளுக்கு நடுவே இடைவெளி மிகப் பெரிதோ, அங்கே முதலில் கை வையுங்கள். செக்கரைக் குறைப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கிடக்கும் பீஸ் குறையாமல் செக்கரை எடுத்தால், குறையைப் பையர்தான் கண்டுபிடிப்பார்.

(அடுத்த வாரம்: ஸ்டைல் மாறும் நாளில் லைன் ஏன் பாதி வேகத்தில் ஓடுகிறது?)