கடிவாளம் யார் கையில்?

2015-ல் வெளியான ‘தி விட்சர் 3’ விளையாட்டில் நாயகன் கெரால்ட்டின் குதிரைக்கு ரோச் என்று பெயர். அதை ஒரு மண்சாலையில் நிறுத்தி, ஓட வைக்கும் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். திசை காட்டும் ஸ்டிக்கிலிருந்து கட்டைவிரலை எடுத்துவிடுங்கள். சாலை இடப்பக்கம் வளைந்தால் ரோச்சும் தானாக வளையும். நீங்கள் தூரத்து மலையையும் எரிந்து கிடக்கும் கிராமத்தையும் பார்த்துக்கொண்டே போகலாம். சவாரியை நீங்களும் குதிரையும் பங்கு போட்டுக்கொள்கிறீர்கள். ஓப்பன் வேர்ல்ட் விளையாட்டுகளில், அதாவது பரந்த நிலத்தில் விருப்பம்போல் சுற்றவிடும் விளையாட்டுகளில், குதிரையை உருவாக்குபவர்கள் தீர்க்க வேண்டிய முதல் கேள்வியே இந்தப் பங்கு எவ்வளவு என்பதுதான்.

குதிரை சாலையைப் பார்ப்பதில்லை. திரையில் தெரியும் மண் தடம் தரையில் ஒட்டிய படம், அவ்வளவே. பரவலாகக் கையாளப்படும் முறையில், அந்தப் படத்துக்கு மேலே நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வளைகோட்டை வடிவமைப்பாளர் வரைந்து வைத்திருப்பார். ஒவ்வொரு நொடியிலும் பல முறை கணினி இரண்டு காரியம் செய்கிறது. முதலில், குதிரைக்கு மிக அருகில் இருப்பது அந்தக் கோட்டின் எந்தப் புள்ளி என்று கண்டுபிடிக்கிறது. பிறகு அங்கிருந்து கோட்டின் வழியே சில மீட்டர் முன்னே சென்று இன்னொரு புள்ளியைக் குறித்து, குதிரையின் முகத்தை அதை நோக்கித் திருப்புகிறது. குதிரை நகர நகர, குறிப்புள்ளியும் முன்னே நகர்ந்துகொண்டே இருக்கும்.

இதில் எல்லாமே அந்தப் புள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சைக்கிள் பழகுபவர் முன்சக்கரத்தையே குனிந்து பார்த்து ஓட்டினால் வண்டி பாம்பு போல நெளியும் அல்லவா, குறிப்புள்ளி மிக அருகில் இருந்தால் குதிரையும் அப்படித்தான் நெளியும். புள்ளி மிகத் தூரத்தில் இருந்தால் வேறு சிக்கல். வளைவைச் சுற்றிப் போகாமல் குறுக்கே வெட்டிக்கொண்டு போய் ஓரத்து மரத்தில் மோதும். அதனால் வேகத்துக்கேற்ப இந்தத் தூரத்தை மாற்றுகிறார்கள். நடக்கும்போது இரண்டு மூன்று மீட்டர் போதும்; நாலுகால் பாய்ச்சலில் அதைப் போலப் பல மடங்கு வேண்டும்.

அதுவும் மலைப்பாதையில் போதாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் குதிரை நொடிக்கு 12 மீட்டர் ஓடுகிறது, அதாவது மணிக்கு சுமார் 43 கிலோமீட்டர். நிஜக் குதிரையின் பாய்ச்சல் வேகமும் ஏறக்குறைய இதுதான். அது நொடிக்கு 60 டிகிரிக்கு மேல் திரும்ப முடியாது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அது போடக்கூடிய மிகச் சிறிய வட்டத்தின் ஆரம் சுமார் 11.5 மீட்டர். எதிரே வரும் கொண்டை ஊசி வளைவின் ஆரமோ 6 மீட்டர். எவ்வளவு சரியாகக் குறிபார்த்தாலும் இந்த வேகத்தில் குதிரை அதில் திரும்பாது, பள்ளத்தில்தான் விழும். வேகத்தைப் பாதியாக்கி நொடிக்கு 6 மீட்டருக்குக் கொண்டுவந்தால் வட்டத்தின் ஆரம் 5.7 மீட்டராகிவிடும், வளைவுக்குள் அடங்கும். நொடிக்கு நொடி 4 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்க முடிகிற குதிரைக்கு இந்தக் குறைப்புக்கு 13.5 மீட்டர் தூரம் தேவை. எனவே எங்கே திரும்புவது என்று பார்க்கும் புள்ளியோடு நில்லாமல், 15 மீட்டருக்கு அப்பால் சாலை எப்படி வளைகிறது என்றும் தனியாகப் பார்த்து, முன்கூட்டியே வேகத்தைக் குறைக்க வேண்டும். நல்ல குதிரை வளைவுக்கு முன்பே பாய்ச்சலிலிருந்து ஓட்டத்துக்கு இறங்கும். மோசமான குதிரை வளைவுக்கு வந்தபின் ஒரேயடியாக நிற்கும், அல்லது கால்கள் ஒரு பக்கம் ஓட உடல் வேறு பக்கம் வழுக்கும்.

சாலை பிரியும் இடத்தில் என்ன செய்வது? வரைபடத்தில் சேருமிடத்தைக் குறித்திருந்தால் அதற்கான கிளையைக் குதிரை எடுத்துக்கொள்ளலாம். 2018-ல் வந்த ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ இதைச் செய்கிறது. இடத்தைக் குறித்துவிட்டு, சாலையில் ஓடத் தொடங்கி, சினிமா கேமராவுக்கு மாற்றிவிட்டால் குதிரை தானே அங்கே கொண்டு போய்ச் சேர்க்கும். குறிப்பு எதுவும் இல்லாதபோது, சந்திப்பு நெருங்கும் நேரத்தில் ஆட்டக்காரர் ஸ்டிக்கை எந்தப் பக்கம் லேசாகச் சாய்க்கிறாரோ அந்தக் கிளைக்கு மாறுவதே சரியான ஏற்பாடு. சின்னச் சாய்ப்பு யோசனை சொல்வது, முழுச் சாய்ப்பு கட்டளையிடுவது என்று குதிரை பிரித்தறிய வேண்டும். முழுதாகச் சாய்த்த பிறகும் சாலைக்கே இழுத்துக்கொண்டு போகும் குதிரையைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை.

ரோச்சுக்கும் குறைகள் உண்டு. முழங்கால் உயர வேலியின் முன்னாலும் பாலத்தின் வாயிலிலும் அது திடீரென்று நின்றுவிடுவது ஆட்டக்காரர்கள் எல்லோரும் அறிந்ததே. இந்த மாதிரி நிற்பதற்குப் பொதுவாக இரண்டு காரணங்கள் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோடு அங்கே அறுந்திருக்கலாம். அல்லது முன்னே தடை இருக்கிறதா என்று சோதிக்கும் பகுதி, பாலத்துத் தூணைப் பார்த்துப் பயந்திருக்கலாம். கண்டுபிடிப்பது எளிது. எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் கோட்டில் கோளாறு. வரும் கோணத்தை மாற்றினால் தாண்டிவிடுகிறது என்றால் தடைச் சோதனையில் கோளாறு.

இனி ஸ்டாமினா. பாய்ச்சலில் கரைந்து, மெதுவாகப் போனால் நிரம்பும் தெம்பு அளவு இது. குதிரை களைக்கும் என்பதைக் காட்டத்தான் இது இருக்கிறது என்று தோன்றும். ஆனால் ஒரு கிலோமீட்டர் சவாரியைக் கணக்கிட்டால் வேறொன்று புலப்படும். 10 நொடி 12 மீட்டர் வேகம், அடுத்த 10 நொடி 7 மீட்டர் வேகம் என்று மாறி மாறிப் போனால் சராசரி 9.5. கிலோமீட்டருக்கு 105 நொடி ஆகும். தெம்பு குறையாமலே ஓடியிருந்தால் 83. வித்தியாசம் 22 நொடிதான். ஆனால் அந்தக் கிலோமீட்டர் முழுக்க ஆட்டக்காரரின் கண் திரையின் மூலையில் உள்ள அளவுப் பட்டையிலேயே இருக்கும். மலையைப் பார்க்கச் சாலையைக் குதிரையிடம் ஒப்படைத்துவிட்டு, பட்டையைப் பார்க்க வைத்தால் கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டதாகும். துரத்தலிலும் சண்டையிலும் ஸ்டாமினா வேண்டும். ஆளில்லாத சாலையில் அது சுமை என்பதே என் முடிவு.

இரண்டு விளையாட்டுகள் இதற்கு நல்ல வழி கண்டிருக்கின்றன. ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’-ல் குளம்போசையின் தாளத்துக்கு ஒத்து பட்டனைத் தட்டினால் தெம்பு மெதுவாகவே கரையும். பட்டையைப் பார்க்க வேண்டாம், காதால் கேட்டாலே போதும். தாளம் தப்பி விரட்டிக்கொண்டே இருந்தால், தெம்பு தீர்ந்த குதிரை உங்களைத் தூக்கி எறியும்.

2017-ல் வந்த ‘செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்’ இன்னும் ஆழமாகப் போகிறது. காட்டுக்குதிரையின் மேல் முதலில் தாவி ஏறும்போது கரைவது குதிரையின் தெம்பு அல்ல, நாயகன் லிங்கின் தெம்பு. அது தீர்வதற்குள் தட்டிக்கொடுத்து அடக்க வேண்டும். புள்ளி விழுந்த குதிரைகள் சீக்கிரம் அடங்கும். ஒரே நிறக் குதிரைகள் முரண்டு பிடிக்கும், ஆனால் பொதுவாக வலுவானவை. புதுக் குதிரை சொன்ன பக்கம் போகாமல் ஒதுங்கி ஓடும். ஒவ்வொரு முறை அதைத் திருத்தியதும் தட்டிக்கொடுத்தால் பிணைப்பு வளரும். பிணைப்பு முற்றிய பிறகுதான் குதிரை தானாகச் சாலையைப் பிடித்து ஓடும். ‘விட்சர்’ முதல் நிமிடமே இலவசமாகக் கொடுத்த வசதி இங்கே சம்பாதித்துப் பெறும் பரிசு. அதனால்தான் இந்த விளையாட்டின் குதிரையை வண்டியாக நினைக்க முடிவதில்லை.

அடுத்து நீங்கள் எந்த விளையாட்டில் குதிரை ஏறினாலும் அதை ஒரு மலைப்பாதைக்குக் கொண்டு போங்கள். முழு வேகத்தில் விட்டுவிட்டு ஸ்டிக்கிலிருந்து கையை எடுங்கள். கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். குறைத்தால், அதைச் செய்தவர்கள் குதிரைக்காக நேரம் செலவிட்டிருக்கிறார்கள்.