ரூபாய் சரிந்த மூன்று மாதம்: பவுன் நின்றது, பிட்காயின் நிற்கவில்லை

2022 மார்ச் தொடக்கத்தில் இலங்கையில் ஒரு டாலரின் விலை 200 ரூபாய். மார்ச் 7-ஆம் தேதி மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. மே நடுப்பகுதிக்குள் டாலர் 360 ரூபாயைத் தொட்டுவிட்டது. வங்கியில் ரூபாயாகப் பணம் வைத்திருந்தவர்களின் சேமிப்பு, உலகச் சந்தைக் கணக்கில், ஏறத்தாழ பாதியாகத் தேய்ந்தது. நாணயம் சரியும்போது தங்கம் காக்குமா, கிரிப்டோ காக்குமா என்று சந்தேகத்தோடு கேட்கும் சேமிப்பாளருக்கு இதைவிடத் தெளிவான பரீட்சை கிடைக்காது.

ஒரு லட்ச ரூபாயை வைத்துக் கணக்குப் போடுவோம். மார்ச் தொடக்கத்தில் அது 500 டாலர். அப்போது உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கம் 1,950 டாலர் அளவில் இருந்தது. ஓர் அவுன்ஸ் என்பது 31.1 கிராம். ஆக அந்த 500 டாலருக்குக் கிட்டத்தட்ட ஒரு பவுன், அதாவது 8 கிராம் சுத்தத் தங்கம் வரும். ஜூன் நடுவில் அவுன்ஸ் 1,840 டாலருக்கு இறங்கியிருந்தது. அப்படியும், டாலர் 360 ரூபாயாக ஏறிவிட்டதால் அந்தப் பவுனின் மதிப்பு சுமார் 1,70,000 ரூபாய்.

அதே ஒரு லட்சத்துக்கு பிட்காயின் வாங்கியிருந்தால்? மார்ச்சில் ஒரு பிட்காயின் 39,000 டாலர் அளவில் விற்றது. ஜூன் மூன்றாம் வாரத்தில் 20,000 டாலரைச் சுற்றி வந்துவிட்டது. கையில் மிஞ்சுவது 95,000 ரூபாய்க்கும் குறைவு. ரூபாய் சரிந்ததால் கிடைத்த லாபம் முழுவதையும் பிட்காயினின் சொந்தச் சரிவு விழுங்கிவிட்டது. அந்த ஜூனில் கொழும்பில் விலைவாசி ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட 54.6 சதவீதம் கூடியிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஏன் இப்படி? இரண்டுக்கும் விலை டாலரில்தான் தீர்மானமாகிறது. ரூபாய் விழுந்தால் இரண்டும் ரூபாயில் ஏற வேண்டும். ஆனால் அதே மாதங்களில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை வேகமாக உயர்த்தியது. வட்டி ஏறினால் முதலீட்டாளர்கள் முதலில் விற்றுத் தள்ளுவது ஆபத்து மிகுந்தவற்றை. பெரிய முதலீட்டாளர்களின் கணக்கில் பிட்காயின் அந்தப் பட்டியலில் இருந்தது. தங்கமும் கொஞ்சம் இறங்கியது, சில சதவீதம்தான். உலகெங்கும் பணம் இறுகும் காலத்தில்தான் கடனாளி நாடுகளின் நாணயம் அடிவாங்குகிறது. அதே காலத்தில்தான் கிரிப்டோவும் அடிவாங்குகிறது. சேமிப்பாளருக்கு இதுதான் பெரிய சிக்கல். கைகொடுக்க வேண்டிய நேரத்தில் அதுவும் சேர்ந்து விழுகிறது.

விலை ஒரு பக்கம், பணமாக்குவது இன்னொரு பக்கம். அடகுக் கவுண்டரில் நகையை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பார்கள், கல்லையும் அழுக்கையும் கழித்து எடை போடுவார்கள், பவுனுக்கு இவ்வளவு என்று சந்தை விலைக்குக் குறைவாகக் கடன் கொடுப்பார்கள். சீட்டும் பணமும் அன்றே கைக்கு வரும். பிட்காயினை ரூபாயாக்க, முகம் தெரியாத ஒருவர் உங்கள் வங்கிக் கணக்கில் பணம் போடுவார் என்று நம்பிக் காத்திருக்க வேண்டும். அவர் அனுப்பும் பணம் மோசடிப் பணமாக இருந்தால் உங்கள் கணக்கே முடங்கலாம். மார்ச் 31 அன்று இலங்கையில் 13 மணி நேர மின்வெட்டு இருந்ததையும் மறக்கக் கூடாது.

தங்கத்துக்கும் ஓட்டைகள் உண்டு. நகையாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் வாங்கிய அன்றே போய்விடும். வட்டி கட்ட முடியாமல் போனால் அடகு வைத்தது ஏலத்துக்குப் போகும். வீட்டில் வைத்தால் திருட்டுப் பயம். எல்லை தாண்டி எடுத்துச் செல்வதும் எளிதல்ல. நாட்டைவிட்டு ஓட வேண்டியவருக்குக் கிரிப்டோவே இலகு, இதை மறுக்க முடியாது. பிட்காயினை விற்காமல் பொறுத்திருந்தவர்கள் 2024 டிசம்பரில் அது ஒரு லட்சம் டாலரைத் தாண்டியதையும் பார்த்தார்கள். ஆனால் 2022 ஜூனில் மருந்துக்கும் எரிவாயுவுக்கும் காசு தேவைப்பட்டவர் இரண்டரை ஆண்டு எப்படிப் பொறுப்பார்?

'டாலருக்கு இணையான நாணயம்' என்று விற்கப்படுபவையும் ஒன்றுபோல் அல்ல. டெர்ராயூஎஸ்டி என்ற நாணயத்துக்குப் பின்னால் டாலர் இருப்பு இல்லை. இன்னொரு கிரிப்டோவை அச்சடித்து விலையைத் தாங்கும் ஏற்பாடுதான் இருந்தது. 2022 மே மாதம் சில நாட்களில் அது மதிப்பிழந்தது. இதுபோன்ற ஒன்றை வாங்கும் முன், அதன் பின்னால் உண்மையான டாலர் இருக்கிறதா, அதை யார் தணிக்கை செய்கிறார்கள் என்று கேளுங்கள்.

என் தீர்ப்பு இது: நெருக்கடிக்கென்று ஒதுக்கும் பணத்தைக் காசாகவோ கட்டியாகவோ தங்கத்தில் வையுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கிரிப்டோ வாங்க விரும்பினால், பாதியாகக் குறைந்தாலும் குடும்பச் செலவு தடைப்படாத தொகையை மட்டும் அதில் போடுங்கள்.